மளிகைக்கடை பில்லுல எந்த ஜோடிய நம்புறது: சப்போர்ட்டா, கான்ஃபிடென்ஸா, லிஃப்ட்டா?

தர்மபுரியில பென்னாகரம் ரோட்டுல எங்க மாமா மளிகைக்கடை வெச்சிருக்காரு. ஆடிக்கு முன்னாடி ரேக்கெல்லாம் மாத்தி அடுக்கணும்னு இருந்தாரு, அப்போ "மாப்ள நீ ஓசூர்ல கம்ப்யூட்டர்லதானே வேல பாக்குற, இந்த பில்ல எல்லாம் பாத்து எத எதுகூட வெக்கலாம்னு சொல்லு"ன்னு ஒரு மாச பில்ல பென்டிரைவ்ல போட்டு குடுத்துட்டாரு. நானும் ரெண்டு நாள்ல லிஸ்ட் எடுத்துட்டேன். பிரச்சன என்னன்னா ஒரு லிஸ்ட் வரல, மூணு லிஸ்ட் வந்துச்சு. சப்போர்ட்ட வெச்சு அடுக்குனா ஒரு ஜோடி மேல நிக்குது, கான்ஃபிடென்ஸ வெச்சா இன்னொன்னு, லிஃப்ட்ட வெச்சா யாரும் நெனச்சே பாக்காத ஒன்னு. அதுக்கப்புறம் கடை வெச்சிருக்கிற வேற ரெண்டு மூணு பேரும் இதே எடத்துல மாட்டிக்கிட்டு கேட்டாங்க, "மூணுல எத நம்புறது?"ன்னு. அதனால ஒரே தடவையா எழுதி வெச்சிடலாம்னு தோணுச்சு.

எண்ணெல்லாம் கணக்குக்கு சுலபமா இருக்க ரவுண்டு பண்ணியிருக்கேன். மொத்தம் 2000 பில்லுன்னு வெச்சுக்கங்க.

## முதல்ல எத வெச்சு எடை போடுறோம்

நான் நாலு கேள்வி வெச்சுக்கிட்டேன்.

ஒன்னு, இந்த ஜோடி எத்தன பில்ல தொடுது? மாசத்துக்கு மூணு பில்லுல மட்டும் வர்றதுக்காக ரேக்க நகத்துறது வேஸ்ட்.

ரெண்டு, ரெண்டு சரக்குக்கும் நடுவுல நெஜமாவே தொடர்பு இருக்கா, இல்ல ரெண்டுல ஒன்னு எல்லாரும் வாங்குறதா இருக்கறதால சேந்தாப்ல தெரியுதா?

மூணு, நாலஞ்சு பில்லு மாறுனா இந்த எண்ணு கவுந்துடுமா?

நாலு, இத வெச்சு கடைக்காரர் என்ன செய்வாரு? ஸ்டாக் வெக்கிறதா, கவுன்டர்ல ஞாபகப்படுத்துறதா, ரேக்க மாத்துறதா, காம்போ போடுறதா? இந்தக் கேள்விக்கு பதில் தெரியாம மூணுல எது பெஸ்ட்டுன்னு கேட்டா அதுக்கு பதிலே கிடையாது.

## மூணும் என்ன அளக்குது

சப்போர்ட்டுன்னா ரெண்டும் சேந்து வந்த பில்லு, மொத்த பில்லுல எத்தன சதவீதம்ங்கிறது. டீத்தூளும் சர்க்கரையும் 2000ல 300 பில்லுல சேந்து வந்திருந்தா சப்போர்ட் 15%.

கான்ஃபிடென்ஸுக்கு திசை உண்டு. டீத்தூள் வாங்குன பில்லு 500, அதுல சர்க்கரையும் இருக்கிறது 300, அப்போ டீத்தூள்ல இருந்து சர்க்கரைக்கு 60%. திருப்பிப் பாத்தா சர்க்கரை பில்லு 800, அதுல டீத்தூள் இருக்கிறது அதே 300தான், அப்போ 37.5%. ஒரே ஜோடி, ரெண்டு எண்ணு.

லிஃப்ட் கேக்குறது வேற கேள்வி. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லன்னா எத்தன பில்லுல தற்செயலா சேந்திருக்கும், இப்போ அதவிட எத்தன மடங்கு சேந்திருக்கு? மொத்த பில்லுல 40% சர்க்கரை இருக்கு, அதனால சம்பந்தம் இல்லன்னாலும் 500 டீத்தூள் பில்லுல 200ல சர்க்கரை இருந்திருக்கும். இருக்கிறது 300. 300 வகுத்தல் 200, லிஃப்ட் 1.5. ஒன்னுக்கு மேல போனா ஒன்னையொன்னு இழுக்குது, ஒன்னுக்கு கீழ வந்தா ஒன்னையொன்னு தள்ளுது, ஒன்னுக்கிட்டயே நின்னா சம்பந்தமில்ல. நோட்டுல போடணும்னா இப்படி:

லிஃப்ட் = (சேந்து வந்த பில் × மொத்த பில்) ÷ (முதல் சரக்கு பில் × ரெண்டாவது சரக்கு பில்)

இதுக்கு திசை கிடையாது, எந்தப் பக்கம் இருந்து போட்டாலும் ஒரே எண்ணுதான் வரும்.

மாமா கடை பில்லுல இருந்து ஆறு ஜோடி:

| ஜோடி | முதல் சரக்கு | ரெண்டாவது | சேந்து | சப்போர்ட் | கான்ஃபிடென்ஸ் | லிஃப்ட் |
|---|---|---|---|---|---|---|
| டீத்தூள் → சர்க்கரை | 500 | 800 | 300 | 15% | 60% | 1.5 |
| பிஸ்கட் → பால் பாக்கெட் | 300 | 1200 | 174 | 8.7% | 58% | 0.97 |
| துணி சோப்பு → துவரம்பருப்பு | 300 | 250 | 128 | 6.4% | 43% | 3.4 |
| கொள்ளு → ராகி மாவு | 100 | 240 | 36 | 1.8% | 36% | 3 |
| சாம்பிராணி → கற்பூரம் | 40 | 60 | 24 | 1.2% | 60% | 20 |
| ஷூ பாலிஷ் → ஜாதிக்காய் | 4 | 5 | 2 | 0.1% | 50% | 200 |

இந்த டேபிள கொஞ்சம் நேரம் வெறிச்சுப் பாருங்க, கீழ வர்றதெல்லாம் இதுல இருந்துதான்.

## சப்போர்ட்ட நம்புனா

சப்போர்ட் லிஸ்ட்டோட நல்ல குணம், பொய் சொல்லாது. 300 பில்லுன்னா 300 பில்லு, அடுத்த மாசம் 280 ஆகலாம் 320 ஆகலாம், திடீர்னு காணாமப் போகாது. தினமும் எது தீரக்கூடாது, எத கையெட்டுற தூரத்துல வெக்கணும், காலையில கூட்டத்துல பையன் எத்தன தடவ உள்ள ஓடி ஓடி எடுக்குறான்ங்கிறதுக்கெல்லாம் இது போதும்.

ஆனா மாமாகிட்ட இந்த லிஸ்ட்ட காட்டுனப்போ சிரிச்சுட்டாரு. "இத சொல்ல கம்ப்யூட்டர் எதுக்குடா, பாலும் சர்க்கரையும் சேந்து போவுதுன்னு எனக்கு தெரியாதா?" உண்மைதான். நெறைய விக்கிற ரெண்டு சரக்கு, ஒன்னுக்கொன்னு சம்பந்தமே இல்லன்னாலும் அடிக்கடி சேந்துதான் வரும், அதனால இந்த லிஸ்ட்டோட தலையில எப்பவுமே கடைக்காரருக்கு தெரிஞ்சதுதான் உக்காந்திருக்கும்.

மறைஞ்ச செலவு ஒன்னு உண்டு, அது பேருல இருக்கு. பில்லிங்ல ஒரே சர்க்கரை "சர்க்கரை லூஸ்", "சர்க்கரை 1 கிலோ", "SUGAR 500G"ன்னு மூணு பேருல கெடந்துச்சு. அத ஒன்னாக்காம ஓட்டுனா சப்போர்ட் மூணா உடைஞ்சு ஒவ்வொன்னும் சின்னதா தெரியும். எனக்கு கணக்குக்கு ஆனது அரை மணி நேரம், பேர ஒன்னாக்க ஆனது ஒன்ற நாளு.

இன்னொன்னு, பில்லுல வராததுக்கு சப்போர்ட்டே கிடையாது. நம்மூர்ல புளிய எடுத்துக்கங்க. புளி போடாத வீடு இருக்கா? ஆனா மாமா கடை பில்லுல புளி ரொம்ப கம்மி, ஏன்னா புளி இறக்குற சமயத்துல சந்தையிலயோ தெரிஞ்ச தோப்புலயோ வருஷத்துக்கும் சேத்து வாங்கி உப்பு போட்டு பானையில அடைச்சு வெச்சிடுறாங்க. அதே மாதிரி கடன் நோட்டுல எழுதுறதும் மெஷினுக்கு தெரியாது. கணக்கு சொல்றது பில்லப் பத்தி மட்டும்தான், ஊரப் பத்தி இல்ல.

## கான்ஃபிடென்ஸ நம்புனா

பேரே ஆள ஏமாத்துது, கான்ஃபிடென்ஸ்னு கேட்டதும் எதோ உறுதியா சொல்றாப்ல இருக்கும். பிஸ்கட் வாங்குறவங்கள்ல 58% பேரு பால் பாக்கெட்டும் வாங்குறாங்கன்னு சொன்னா யாராயிருந்தாலும் பால் ஃபிரிட்ஜுக்கு பக்கத்துல பிஸ்கட்ட கொண்டுபோய் வெச்சிடுவாங்க. ஆனா மொத்த பில்லுலயே 60%ல பால் இருக்கு. பிஸ்கட் வாங்கினா பால் வாங்குற வாய்ப்பு ஏறல, ஒரு துளி இறங்கியே இருக்கு. அதான் லிஃப்ட் 0.97. அதாவது பிஸ்கட்டுக்கும் பாலுக்கும் சம்பந்தமே இல்ல, பால்தான் எல்லார் பில்லுலயும் இருக்கு.

இது புதுசா யாரும் கண்டுபிடிச்ச குறை இல்ல. சப்போர்ட், கான்ஃபிடென்ஸ் ரெண்டையும் வெச்சு பில்லுல விதி தேடுற முறைய 1993ல ஐபிஎம்ல ராகேஷ் அகர்வாலும் கூட இருந்தவங்களும் எழுதுனாங்க, அடுத்த வருஷமே அகர்வாலும் ஸ்ரீகாந்த்தும் அப்ரியோரிங்கிற அல்காரிதத்த குடுத்தாங்க. 1997ல செர்ஜி பிரின், ராஜீவ் மோத்வானி கூட்டம் இதே ஓட்டைய டீ, காபிய வெச்சு காட்டுச்சு: நூத்துல 25 பேரு டீ வாங்குறாங்க, 90 பேரு காபி வாங்குறாங்க, 20 பேரு ரெண்டும். டீயில இருந்து காபிக்கு கான்ஃபிடென்ஸ் 80%, பாக்க பிரமாதம். ஆனா சும்மா வர்றவங்களே 90% காபி வாங்குறாங்களே, டீ வாங்குறவங்க அதவிட கம்மியாத்தானே வாங்குறாங்க. இன்னிக்கு நாம லிஃப்ட்டுன்னு சொல்றத அவங்க அப்போ வேற பேருல சொன்னாங்க. ஆமா, அதே பிரின்தான், அடுத்த வருஷம் கூகுள் ஆரம்பிச்சவரு.

அப்போ கான்ஃபிடென்ஸ் வேஸ்ட்டான்னா இல்ல. திசை தேவைப்படுற எடத்துல வேற எதுவும் உதவாது. ரெண்டு எடம் சொல்றேன்.

சர்க்கரை தீந்துபோச்சுன்னு வெச்சுக்கங்க. டீத்தூள் வாங்க வர்றவங்கள்ல பாதிக்கு மேல சர்க்கரையும் சேத்து வாங்குறவங்க, ரெண்டும் கெடைக்கிற கடைக்கு போக காரணம் இருக்கு, டீத்தூள் விக்கிறதும் அடி வாங்கும். டீத்தூள் தீந்துபோனா சர்க்கரைக்காரங்கள்ல 37.5% பேருக்குத்தான் அந்தப் பிரச்சன. எத தீர விடக்கூடாதுங்கிறதுக்கு இந்த வித்தியாசம் முக்கியம், லிஃப்ட்டுக்கு இது தெரியாது.

ரெண்டாவது, கவுன்டர்ல கேக்குறது. சாம்பிராணி எடுத்து வெச்சவங்ககிட்ட "கற்பூரம் இருக்குங்களாக்கா வீட்ல?"ன்னு கேட்டா அஞ்சுல மூணு பேரு ஏற்கனவே எடுத்திருப்பாங்க, மீதி ரெண்டு பேருக்கு ஞாபகம் வரும். கற்பூரம் எடுத்தவங்ககிட்ட சாம்பிராணி வேணுமான்னு கேட்டா 60ல 24, அதாவது 40%தான். எந்தப் பக்கம் இருந்து கேக்கணும்னு கான்ஃபிடென்ஸ்தான் சொல்லும்.

கான்ஃபிடென்ஸ பாக்குறப்போ ஒரு பழக்கம் வெச்சுக்கங்க, அந்த 58%க்கு பக்கத்துல ரெண்டாவது சரக்கோட சாதாரண சதவீதத்தையும் எழுதி வெச்சுப் பாருங்க. 58க்கு பக்கத்துல 60, டீத்தூளோட 60க்கு பக்கத்துல 40, கற்பூரத்தோட 60க்கு பக்கத்துல 3. அவ்ளோதான், கண்ணுக்கே தெரிஞ்சிடும்.

## லிஃப்ட்ட நம்புனா

புதுசா எதாவது தெரியணும்னா இதுதான். சாம்பிராணி கற்பூரம் லிஃப்ட் 20, அது பூஜ சாமான், சரி. கொள்ளும் ராகி மாவும் 3. களி கிண்டுற வீட்ல கொள்ளு குழம்போ கடையலோ வெக்கிறாங்க, நம்மூர்க்காரங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்ல, ஆனா மாமா கடையில ராகி மாவு வாசல்கிட்டயும் கொள்ளு உள்ள பருப்பு ரேக்குக்கு அடியில மூட்டையிலயும் இருந்துச்சு. சப்போர்ட் 1.8%தான், முதல் லிஸ்ட்ல இது எங்கயோ அடியில கெடந்துச்சு. லிஃப்ட் இல்லன்னா நான் பாத்தே இருக்க மாட்டேன்.

ஆனா லிஃப்ட்ட இறங்கு வரிசையில அடுக்குனா தலையில என்ன நிக்குது? ஷூ பாலிஷும் ஜாதிக்காயும், 200 மடங்கு! மாமா அந்த ரெண்டு பில்லையும் எடுத்துப் பாத்துட்டு "இது ஒரே வீடுடா, அவங்க ரெண்டு தடவ வாங்குனாங்க"ன்னாரு. நாலு பில்லு, அஞ்சு பில்லு இருக்கிற சரக்குல ரெண்டு பில்லு ஒத்துப்போனாலே வகுக்குற எண்ணு சின்னதா இருக்கிறதால லிஃப்ட் வானத்துக்கு போயிடும். அந்த வீட்டுக்காரங்க ஒரு தடவ ரெண்டையும் தனித்தனி பில்லுல வாங்கியிருந்தா ஒரே அடியில பாதியா எறங்கியிருக்கும். கடையில 600 சரக்கு இருந்தா 1,79,700 ஜோடி வருது, அத்தனையில நாலு ஜோடியாவது சும்மா தற்செயலா பிரமாதமா தெரியாமலா இருக்கும்?

அதனாலதான் முதல்லயே குறைஞ்சபட்ச சப்போர்ட்டுன்னு ஒரு கோடு போடுவாங்க. பைத்தான் தெரிஞ்சவங்களுக்கு, நான் ஓட்டுனது இவ்ளோதான்:

```python
import pandas as pd
from mlxtend.frequent_patterns import apriori, association_rules

df = pd.read_csv("bills.csv")        # bill_no, item
tbl = pd.crosstab(df["bill_no"], df["item"]) > 0
sets = apriori(tbl, min_support=0.01, use_colnames=True, max_len=2)
rules = association_rules(sets, metric="lift", min_threshold=0)
```

`0.01`னா 2000ல 20 பில்லு. ஷூ பாலிஷ் போயிடுச்சு, கொள்ளு தங்கிடுச்சு. `> 0`ன்னு போட்டதால ஒரு கிலோ வாங்குனாலும் பத்து கிலோ வாங்குனாலும் ஒன்னுதான், அது ஞாபகம் இருக்கட்டும்.

ஆனா இந்தக் கோட்டுக்கும் விலை உண்டு. சன்ஃப்ளவர் எண்ணெய் 400 பில்லு, கடலை எண்ணெய் 200 பில்லு, ரெண்டும் சேந்து 10 பில்லுதான். சம்பந்தம் இல்லன்னா 40 இருந்திருக்கணும், லிஃப்ட் 0.25. அதாவது ஒன்னு வாங்குறவங்க இன்னொன்ன வாங்க மாட்டாங்க, பெரும்பாலும் ஒன்னுக்கு பதிலா ஒன்னு. ரெண்டையும் காம்போ போட்டா யாரும் தொட மாட்டாங்க, ஒன்னு தீந்தா இன்னொன்ன எடுத்துக்குடுக்கலாம், ரொம்ப உபயோகமான தகவல். ஆனா 10 பில்லுங்கிறதால 1% கோட்டுல அது வெட்டுப்பட்டுடும். ஒன்னையொன்னு தள்ளுற ஜோடி எப்பவுமே சேந்து கம்மியாத்தான் வரும், அதனால அத கோடு இல்லாம தனியா எண்ணிப் பாக்கணும், நெறைய விக்கிற சரக்குக்கு மட்டும் பாத்தா போதும்.

லிஃப்ட்ட தனியா பாக்காம நான் இன்னொரு கணக்கும் பக்கத்துல வெச்சுக்குவேன்: எதிர்பாத்தத விட எத்தன பில்லு கூட? டீத்தூள் சர்க்கரை 300ல 200 போக 100 பில்லு கூட. கொள்ளு ராகி 36ல 12 போக 24. சாம்பிராணி கற்பூரம் 24ல எதிர்பாத்தது ஒன்னேகால்தான், அதனால கிட்டத்தட்ட 23. மடங்குல பாத்தா சாம்பிராணி எங்கயோ நிக்குது, பில்லு எண்ணிக்கையில கொள்ளோட சமமா நிக்குது. பைத்தான் குடுக்கிற `rules` டேபிள்ல `leverage`னு ஒரு காலம் வரும், அத மொத்த பில்லால பெருக்குனா இந்த எண்ணுதான்.

## மூணையும் ஒரே மாதிரி ஏமாத்துற ஒன்னு: மாசச் சாமான் பில்லு

இதுக்காகத்தான் நான் எழுதவே உக்காந்தேன்.

துணி சோப்பையும் துவரம்பருப்பையும் பாருங்க. சப்போர்ட் 6.4% நல்லாவே இருக்கு, கான்ஃபிடென்ஸ் 43%, பருப்போட சாதாரண அளவு 12.5%தான், லிஃப்ட் 3.4. மூணு லிஸ்ட்லயும் பாஸ். கொள்ளு ராகிய விட லிஃப்ட் அதிகம். மாமாவும் "பருப்பு வாங்குனா சோப்பு அஞ்சு ரூபா கம்மின்னு போடலாமா?"ன்னு ஆரம்பிச்சுட்டாரு.

ஆனா சோப்ப எந்தக் குழம்புல போடுறது?

பில்ல ரெண்டா பிரிச்சுப் பாத்தேன். 2000ல 200 பில்லு மாசச் சாமான் லிஸ்ட், மாசத்தோட முதல் வாரத்துல இருபது முப்பது அயிட்டம் சீட்டுல எழுதிட்டு வர்றது. மீதி 1800 அன்னாடம் வாங்குறது, ரெண்டு மூணு அயிட்டம்.

மாச பில்லு 200ல பருப்பு 160, சோப்பு 150, ரெண்டும் 120. சம்பந்தமில்லன்னா எத்தன வரும்? 160ல முக்கால்வாசி, 120. அப்படியே வருது, லிஃப்ட் சரியா 1.

அன்னாட பில்லு 1800ல பருப்பு 90, சோப்பு 150, ரெண்டும் 8. எதிர்பாக்குறது ஏழரை. லிஃப்ட் 1.07, அதுவும் ஒன்னுதான்.

ரெண்டு பக்கமும் சம்பந்தமே இல்ல, ஆனா ஒன்னா கொட்டிக் கலக்குனா 3.4! ஏன்னா பருப்பும் சோப்பும் ஒன்னையொன்னு இழுக்கல, பெரிய பில்லு ரெண்டையும் இழுக்குது. மாசச் சாமான் வாங்குறவங்க எல்லாத்தையும் வாங்குறாங்க, அந்த 200 பில்லுல எந்த ரெண்ட எடுத்தாலும் சேந்துதான் இருக்கும், மொத்தக் கணக்குல அது தொடர்பு மாதிரி தெரியுது. "பருப்பு வாங்குனா சோப்பு கம்மி"ன்னு போட்டா, எப்படியும் ரெண்டும் வாங்கப்போற அந்த 120 பேருக்கும் அஞ்சு அஞ்சு ரூபாயா 600 ரூபா மாமா கைக்காசு போயிருக்கும், புதுசா ஒரு சோப்பு வித்திருக்குமாங்கிறது சந்தேகம்தான்.

இது இருக்கான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? உங்க லிஃப்ட் லிஸ்ட்ல சம்பந்தா சம்பந்தமில்லாத ஜோடி, சோப்பு பருப்பு, மொளகாத்தூள் டூத்பேஸ்ட், உளுந்து பினாயில்னு வரிசையா ரெண்டு மூணுன்னு நின்னா சந்தேகப்படுங்க. அப்புறம் ஒவ்வொரு பில்லுலயும் எத்தன அயிட்டம்னு எண்ணி ஒரு காலம் போடுங்க. நான் 12 அயிட்டத்துக்கு மேலன்னா மாச பில்லுன்னு பிரிச்சேன், அது மாமா கடைக்கு, உங்க கடையில எங்க வெட்டு விழுதுன்னு நீங்கதான் பாக்கணும். ரெண்டு குவியலயும் தனித்தனியா ஓட்டி, தனியாவும் லிஃப்ட் ஒன்ன தாண்டி நிக்கிறத மட்டும் நம்புங்க.

கொள்ளு ராகிக்கு இதே சோதன. மாச பில்லுல ராகி 90, கொள்ளு 40, ரெண்டும் 22, எதிர்பாக்குறது 18, லிஃப்ட் 1.2. அன்னாட பில்லுல ராகி 150, கொள்ளு 60, ரெண்டும் 14, எதிர்பாக்குறது 5, லிஃப்ட் 2.8. ஆகா, இது நிக்குது! அதுவும் சாயங்காலம் வந்து ராத்திரிக்கு சமைக்க வாங்குற பில்லுல நிக்குது. 14 பில்லுங்கிறது சின்ன எண்ணுதான், ஒத்துக்கிறேன், ஆனா 5 வர வேண்டிய எடத்துல 14 வர்றது சும்மா வர்ற கதையில்ல, அதோட களிக்கு கொள்ளுன்னு காரணமும் கைல இருக்கு.

பிரிச்சதுக்கப்புறம் பழைய `0.01`ஐயே விட்டுடாதீங்க. 200 பில்லுல அது வெறும் 2 பில்லு, ஷூ பாலிஷ் மாதிரி குப்பை திரும்பி வரும். 1800ல அது 18 பில்லு, 14 பில்லு இருக்கிற கொள்ளு வெளிய போயிடும். சதவீதத்துல யோசிக்காம பத்து பில்லாவது வேணும்னு எண்ணிக்கையில கோடு போட்டு, அத ஒவ்வொரு குவியலுக்கும் வகுத்து போடுங்க.

## எந்த முடிவுக்கு எத எடுக்கிறது

எது தீரக்கூடாது, எத முன்னாடி வெக்கணும்னா சப்போர்ட் போதும், மீதிக்கு மெனக்கெட வேணாம். ஒன்னு தீந்தா இன்னொன்னும் அடி வாங்குமா, கவுன்டர்ல எந்தப் பக்கம் இருந்து ஞாபகப்படுத்துறதுன்னா கான்ஃபிடென்ஸ், ஆனா பக்கத்துல சாதாரண சதவீதமும் இருக்கணும். ரேக்க மாத்துறதுக்கு லிஃப்ட், பில்ல பிரிச்சதுக்கப்புறம், பத்து பில்லு கோட்டுக்கு மேல.

காம்போ, தள்ளுபடிக்கு மூணுமே பத்தாது. லிஃப்ட் அதிகமா இருக்கிற ஜோடிய ஜனங்க ஏற்கனவே சேத்துத்தான் வாங்குறாங்க, அதுக்கு வெலய கொறச்சா லாபத்துலதான் கைய வெக்கிறோம். தள்ளுபடி குடுத்தா கூட விக்குமான்னு பழைய பில்லுக்கு தெரியாது, ரெண்டு வாரம் போட்டுப் பாத்தாத்தான் தெரியும்.

சின்ன கடை, மாசத்துக்கு முந்நூறு நானூறு பில்லுதான்னா லிஃப்ட் பக்கமே போகாதீங்க, ஜோடி ஜோடியா பிரிச்சா பெரும்பாலான ஜோடியில பத்து பில்லு நிக்காது. ஆறு மாச பில்ல சேத்துட்டு பாக்கலாம், ஆனா அப்போ சீசன் கலந்துடும். மாமா குடுத்தது வைகாசி பில்லு, ஆடியில அம்மன் கோயில் கூழு ஊத்துறது, பதினெட்டுக்கு ஒகேனக்கல் போறதுன்னு வந்தா கற்பூரம் 3%ல நிக்காது, ராகி மாவும் கூழுக்கு தனியா ஏறும்.

மாமா கடைசியில கொள்ளு மூட்டைய வாசல்கிட்ட ராகி மாவுக்கு பக்கத்துல கொண்டாந்து வெச்சாரு, சாம்பிராணி எடுக்குறவங்ககிட்ட கற்பூரம் கேக்கச் சொல்லி பையனுக்கு சொல்லிட்டாரு, சோப்பு தள்ளுபடி போடல. ஆடி மாச அன்னாட பில்ல எடுத்துப் பாத்தேன், கொள்ளு 60ல இருந்து 72 ஆயிருக்கு. மூட்டைய நகத்துனதாலயா, இல்ல ஆடி பொறந்ததாலயான்னு கேட்டா ரெண்டும் ஒரே மாசத்துல நடந்துபோச்சு, பிரிச்சு சொல்ல முடியல. மாமாகிட்ட புரட்டாசியில மூட்டைய ரெண்டு வாரம் பழைய எடத்துலயே வெச்சுப் பாக்கலாமான்னு கேட்டிருக்கேன். "நீ வந்து தூக்கி வெய்யி, அம்பது கிலோ"ன்னு சொல்லியிருக்காரு.